வாடிக்கையாளர் பங்காளியாம்! பங்கு எங்கே?

ஈசூன் குமார்: எங்கள் மார்க்கெட்டிங் வகுப்பில் சொன்னது இது. வங்கியோ இணையப் பாடத்தளமோ மதிப்பைச் செய்து நம் கையில் கொடுப்பதில்லை, வாடிக்கையாளரும் பங்காளியாகச் சேர்ந்துதான் அது உண்டாகிறது. மார்க்கெட்டிங் பேராசிரியர்கள் வார்கோவும் லஷ்ஷும் 2004லேயே எழுதிவிட்டார்கள். இதை மறுக்க யாராவது இருக்கிறீர்களா?

பிடோக் பழைய கவுண்டர்: ஏன் இல்லாமல்? 28 வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். அன்று நாங்கள் செய்த வேலையை இன்று அவர் வீட்டில் உட்கார்ந்து செய்கிறார். சம்பளமில்லாத கிளார்க்குக்குப் பங்காளி என்று பட்டம். பங்காளி என்றால் பங்கு எங்கே தம்பி?

மலர் உட்லண்ட்ஸ்: குமார், 2004ல் அவர்கள் எழுதியது ‘உடன் உற்பத்தியாளர்’. படிவம் நிரப்புவது, பணம் அனுப்புவதை உறுதி செய்யும் வங்கியின் டிஜிட்டல் டோக்கனைப் போனில் போடுவது எல்லாம் அந்தக் கணக்கு. 2008ல் அவர்களே அதை மாற்றி ‘மதிப்பின் உடன் படைப்பாளர்’ என்றார்கள். அண்ணன் திட்டுவது பழைய சொல்லை.

டோக்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த எஸ்எம்எஸ் மோசடியில் சுமார் 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளி இழந்த பிறகு வந்த விதி: புது டோக்கனுக்குக் குறைந்தது 12 மணி நேரக் காத்திருப்பு. திருடன் உங்கள் பெயரில் டோக்கன் போட்டால் உங்களுக்கு அறிவிப்பு வரும். அதைப் பார்த்து, கணக்கை முடக்கும் பொத்தானை நீங்கள் அழுத்தினால்தான் அந்த 12 மணி நேரத்துக்கு மதிப்பு. பார்க்காவிட்டால் திருடன் கொஞ்சம் காத்திருப்பான், அவ்வளவுதான். வங்கியால் தனியாக அந்த மதிப்பை உண்டாக்க முடியாது என்கிறார்கள். லாபத்தில் பங்கு தருவதாக யாரும் சொல்லவில்லை.

பிடோக் பழைய கவுண்டர்: அழகாகச் சொன்னீர்கள் டீச்சர். என் புளோக்கில் 74 வயதுப் பாட்டி. புது போன். கீழே வாய்ட் டெக் கல்மேசையில் உட்கார்ந்து டோக்கன் போட்டுக் கொடுத்தது நான். ஒரு மதியம் முழுக்கப் போனது. ராத்திரி ஒன்பதுக்கே போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர் அவர். மறுநாள் மதியத்துக்கு மேல்தான் அதைத் தொடுவார். பதினோரு மணிக்கு அறிவிப்பு வந்தால் யார் பார்ப்பது, அரிசி டின்னா? இதில் நானும் படைப்பாளனா?

மலர் உட்லண்ட்ஸ்: ஆமாம் அண்ணே. 2016ல் திருத்தியபோது ‘பலர் சேர்ந்து, பயனடைபவரும் எப்போதும் அதில் உண்டு’ என்றார்கள். நீங்களும் அந்தப் பலரில் ஒருவர்.

பிடோக் பழைய கவுண்டர்: அப்படியென்றால் எனக்கும் பங்கு இல்லை. குறித்துக்கொள்கிறேன்.

சொல்வேட்டை சுப்பு: முதலில் தமிழைப் பாருங்கள். பங்காளி என்றால் ஊரில் வரப்புக்கு அரிவாள் தூக்குகிறவன். ‘கூட்டாளி’ என்று எழுத வேண்டும்.

பிடோக் பழைய கவுண்டர்: அதனால்தான் பங்காளி சரி! போன வருஷம் தீபாவளி விளக்குகள் பற்றிய விவாதத் திரியிலும் இப்படித்தான் ‘அலங்காரம்’, ‘ஒப்பனை’ என்று இழுத்து மூன்று பக்கம் கெடுத்தீர்கள்.

சொல்வேட்டை சுப்பு: அந்தத் திரியில் நான் சொன்னதுதான் சரி. இன்னமும் சரி.

தேக்கா ராணி: என் கதையும் இதுதான். அரசு பயிற்சிக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டில் கணக்கெழுதும் வகுப்பு, எல்லாம் வீடியோ. ஜிஎஸ்டி பதிவில் சந்தேகம் கேட்டேன். 11 நாள் ஆசிரியர் வாயே திறக்கவில்லை. ஜூரோங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் இன்னொரு மாணவர் தன் ரசீதைப் படம் எடுத்துப் போட்டுப் புரிய வைத்தார். அவருக்கு ஒரு நன்றி கூட இல்லை, சான்றிதழில் தளத்தின் பெயர்தான். கிரெடிட்டைத் திரும்ப வாங்க வழி தெரியுமா?

ஈசூன் குமார்: அண்ணே, 2024 டிசம்பர் 16 முதல் மோசடி நஷ்டத்துக்குப் பொறுப்புப் பகிர்வு ஏற்பாடே வந்துவிட்டதே! நஷ்டத்தை வங்கி, தொலைபேசி நிறுவனம், வாடிக்கையாளர் மூவரும் பிரித்துக்கொள்கிறார்கள். இதற்கு மேல் என்ன பங்கு வேண்டும்?

மலர் உட்லண்ட்ஸ்: பிரிப்பதில்லை குமார், வரிசையாகப் பார்ப்பார்கள். வங்கி தன் கடமையில் தவறியிருந்தால் முழுத் தொகையும் அதன் தலையில். தவறவில்லை என்றால் தொலைபேசி நிறுவனம். இருவரும் சரியாகச் செய்திருந்தால் வாடிக்கையாளருக்கு அந்த ஏற்பாட்டில் ஒன்றும் கிடைக்காது. அதுவும் போலி இணைப்பில் ரகசிய விவரத்தைத் திருடும் ஃபிஷிங்குக்கு மட்டும். ஏமாந்து நாமே பணம் அனுப்பினால் அதில் சேராது.

பிடோக் பழைய கவுண்டர்: ஆகக் காத்திருப்பு இருந்தது, அறிவிப்பும் போனது, வங்கி கடமை முடித்தது. பாட்டி பார்க்கவில்லை, பணம் போனது. வந்துவிட்டது பாருங்கள் பங்கு, நஷ்டத்தில்!

மலர் உட்லண்ட்ஸ்: நஷ்டத்தை யார் ஏற்பது என்பது வேறு, மதிப்பு எப்படி உண்டாகிறது என்பது வேறு. சேர்ந்து மதிப்பைக் கெடுப்பதைப் பற்றி 2010லேயே வேறு ஆய்வாளர்கள் தனியாக எழுதியிருக்கிறார்கள். 74 வயதுக்காரர் 12 மணி நேரத்துக்குள் போனைப் பார்த்துவிடுவார் என்று வைத்துக்கொண்டு அமைத்தால் கெடுவதில் வங்கிக்கும் கை உண்டு. அதை நான் மறுக்கவே இல்லை.

பிடோக் பழைய கவுண்டர்: கை உண்டு, பணம் தர மாட்டார்கள். பங்கு எங்கே?

ஈசூன் குமார்: அண்ணே, அந்தக் கட்டுரையைப் படித்தீர்களா?

பிடோக் பழைய கவுண்டர்: நான் பாட்டியைப் பார்த்தேன். நீ பார்த்தாயா?

சொல்வேட்டை சுப்பு: கூட்டாளி.

தேக்கா ராணி: கிரெடிட் பற்றி யாரும் சொல்லவில்லையே?