நண்டாரும் "பாற் குடித்தாள்" என்ற வரியும்

உப்புவெளி ஆசிரியை:
நண்டாரும் செல்வியும் வரும் அனிமேஷன் இலக்கணப் பாடங்களை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். தரம் 10 பிள்ளைகளுக்குப் புணர்ச்சிப் பாடத்தைப் போட்டுக் காட்டினேன். கடல், கரை என்ற இரு சொற்களும் படகுகளாக வந்து மோதும். நண்டார் கொடுக்கால் 'ல்'லின் வாலைத் திருகுவார், அது 'ற்' ஆகிவிடும்: கடற்கரை. அடுத்து முள்ளும் செடியும் சேர்ந்து முட்செடி. மூன்றாவதாகப் பாலும் குடமும் சேர்ந்து பாற்குடம். வேற்றுமையில் வல்லினம் வந்தால் ல் 'ற்' ஆகும், ள் 'ட்' ஆகும் என்று நண்டார் சொல்லி முடிப்பார். வகுப்பே கைதட்டியது.

அடுத்த வாரக் கட்டுரையில் ஒரு பிள்ளை "தங்கை பாற் குடித்தாள்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்தேன். கொப்பியோடு வந்து நின்றாள். "ரீச்சர், பாலைக் குடித்தாள் என்பதுதானே விரிவு? அப்படியென்றால் வேற்றுமைதானே?" எனக்குப் பதில் வரவில்லை. "அப்படி எழுதும் வழக்கம் இல்லை" என்று அனுப்பிவிட்டேன். அவள் தலையாட்டிய விதம் இன்னும் உறுத்துகிறது.

துறைமுகத்தான்:
இதில் குழப்பமே இல்லை. இரண்டும் பெயர்ச்சொல்லாக இருந்தால் மட்டும் திரியும், வினை வந்தால் திரியாது. என் மகனுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், அவன் தப்பவே இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்தப் படங்களைச் சத்தத்தோடு போடாதீர்கள். படகுகள் மோதுவதற்கு முன் நிறுத்துங்கள். பிள்ளைகள் முடிவைக் கொப்பியில் எழுதிய பிறகே ஓடவிடுங்கள். மூன்று உதாரணத்துக்கு மேல் ஒரே நாளில் காட்டாதீர்கள். மறுநாள் படமே இல்லாமல் அதே மூன்றையும் கரும்பலகையில் கேளுங்கள். நண்டின் கொடுக்கைப் பார்த்துச் சிரிப்பவன் விதியைப் பார்க்கமாட்டான்.

மூதூரான்:
எங்கள் வீட்டில் நடந்தது இது. அதே பாடத்தைப் பார்த்த என் மகன் நிலாவெளி பஸ்ஸில் ஏறி, "சாம்பற்றீவுக்கு இரண்டு டிக்கெட்" என்று கேட்டான். நடத்துநர் என்னைப் பார்த்தார், நான் கடலைப் பார்த்தேன். சாம்பல்தீவு என்று எழுதிய பெயர்ப்பலகைதான் பிழை என்கிறான் பையன். விதிப்படி அவன் சொல்வது சரிதானே?

ஓய்வு பெற்ற பண்டிதர்:
துறைமுகத்தாரே, "கத்தியாற் குத்தினான்" என்று நம் பழைய உரைநடையில் தாராளமாக எழுதினார்கள். குத்தினான் வினைதானே? உங்கள் விதி அங்கேயே உடைகிறது.

ஆசிரியை அவர்களே, உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. பாற்குடத்திலும் மறைந்திருப்பது 'ஐ'தான், பால் குடித்தாளிலும் அதே 'ஐ'தான். பாற்குடத்தை விரித்துப் பாருங்கள்: பாலைக் கொண்ட குடம். 'ஐ' மட்டுமல்ல, 'கொண்ட' என்ற சொல்லும் சேர்ந்து மறைந்திருக்கிறது. அங்கே திரியும். பால் குடித்தாளை விரித்தால் பாலைக் குடித்தாள், அவ்வளவுதான். 'ஐ' ஒன்றைத் தவிர உள்ளே ஒளிந்திருக்கும் சொல் எதுவும் இல்லை. அங்கே இயல்பாக நிற்கும். 'ஐ' உருபு மற்ற உருபுகளைப் போல் நடக்காது என்பதால் நன்னூலாரே அதைத் தனியாக எடுத்துச் சொல்கிறார்.

பாடத்தின் குறை அதன் வரிசையில் இருக்கிறது. பாற்குடம் முடிந்த கையோடு பால் குடித்தாளைக் காட்டி, நண்டார் கொடுக்கை மடக்கிக்கொண்டு நின்றிருந்தால் பிள்ளைகளே ஏன் என்று கேட்டிருப்பார்கள். ஒத்துப்போகும் மூன்றை மட்டும் அடுக்கினால், விதி எங்கே நிற்கும் என்பது தெரியாமலே பாடம் முடிந்துவிடும்.

மூதூரானே, விதி உங்கள் மகன் பக்கம், ஊர் பெயர்ப்பலகையின் பக்கம். ஊர்ப்பெயரில் நான் ஊர்க்காரர் வாயைத்தான் கேட்பேன்.

துறைமுகத்தான்:
ஊர் வாய்தான் விதி என்றால் பரீட்சையில் புள்ளி போடுவது யார்?

உப்புவெளி ஆசிரியை:
பண்டிதர் ஐயா, இன்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டையும் அருகருகே எழுதி விரிக்கச் சொன்னேன். 'கொண்ட' என்ற இடத்தில் பேனை நின்றது. "ஓ, ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார்" என்றாள். எனக்கு நெஞ்சு இலேசாகிப்போனது. கதவு வரை போனவள் திரும்பி வந்து சுவரில் தொங்கியதைக் காட்டினாள்.

"ரீச்சர், நாட்காட்டி? நாளைக் காட்டுவது. இங்கே யாரும் ஒளிந்திருக்கவில்லையே?"

துறைமுகத்தான்:
காட்டி பெயர்ச்சொல். நான் முதலே சொன்னேன்.

ஓய்வு பெற்ற பண்டிதர்:
பொறுங்கள். அந்தப் பிள்ளையிடம் நாளை வரை நேரம் கேளுங்கள்.