டீம் வெண்டது, என்ர 5 இன்னிங்ஸ் ஸ்லிப் தோத்தது. ஏன்?

ஸ்காபரோ குளிர்
வணக்கம். பேஸ்பால் பாக்கத் தொடங்கி ரெண்டு சீசன்தான். போன கிழமை நான் ஆதரிக்கிற டீமில 20 டொலர் கட்டினனான், முழு மேட்சில இல்லை, முதல் 5 இன்னிங்ஸில. தொடக்கத்தில பந்து எறியிற எங்கட ஸ்டார்ட்டர் கெட்டிக்காரன், கடைசியில மாறி வந்து எறியிற புல்பென் ஆக்கள்தான் எல்லாத்தையும் கவிழ்க்கிறது எண்டதால அப்பிடி எடுத்தனான். விலை 2.05, வெண்டால் 41 டொலர் வரும். 5 இன்னிங்ஸ் முடிய 2-2. பிறகு எங்கட டீம் 5-2 எண்டு வெண்டிட்டுது. ஆனா ஸ்லிப்பில தோல்வி எண்டு கிடக்கு. வேலை இடத்து அண்ணை ஒருத்தர், சமன் எண்டால் கட்டின காசு திரும்பி வரும் எண்டு சொல்லுறார். ஆற்ற பிழை இது?

இன்னொண்டு. அதே டீமுக்கு முழு மேட்ச் விலை 1.65. ஸ்டார்ட்டர் நிக்கிற பகுதிக்குத்தானே குறைஞ்ச விலை இருக்கவேணும்?

பவர்பிளே பாண்டி
டீம் ஜெயிச்சிருக்கு, காசு வரலைன்னா அது ஏமாத்து வேலை. ஸ்கிரீன்ஷாட் வச்சு புகார் குடுங்க. கிரிக்கெட்ல மழை வந்து பாதியில நின்னாக்கூட கணக்குப் பார்த்துத் தருவாங்களே.

இடதுகை
பாண்டி, அவர் மேட்ச் மேல கட்டல. ஆறாவது இன்னிங்ஸ்ல இருந்து நடந்தது எதுவும் அந்த ஸ்லிப்புக்குக் கிடையாது. பவர்பிளே முடியும்போது யார் முன்னால இருக்காங்கன்னு கேக்கற மாதிரி வச்சுக்கங்க.

குளிர், ஸ்லிப்புல பந்தயத்தோட பேரு என்னன்னு பாருங்க. `3-Way` அப்படின்னு இருக்கும்னு நினைக்கிறேன். 2.05 ங்கற விலையே அதைச் சொல்லுது. ஒரே டீமுக்கு 5 இன்னிங்ஸ் பந்தயம் ரெண்டு விதமா விப்பாங்க. ஒண்ணுல சமனானா கட்டின காசு திரும்ப வரும். உங்க அண்ணன் சொன்னது அது. இன்னொண்ணுல சமன்ங்கறது தனி மூணாவது முடிவு, அதுல நீங்க கட்டலைன்னா போச்சு.

ஒரு கணக்குக்காக, 5 முடியும்போது உங்க டீம் முன்னால இருக்க 48 சதவீதம், சமன் 16, பின்னால 36 அப்படின்னு வைப்போம். மூணு வழிப் பந்தயத்துக்கு நியாய விலை 1-ஐ 0.48 ஆல வகுத்தா 2.08. காசு திரும்புற வகையில சமனை ஒதுக்கிடலாம், மிச்சம் 84-ல 48, அதாவது 1.75. நூறு தடவை ஒரு டாலர் கட்டினா ரெண்டுலயும் கடைசில அசல்தான் மிஞ்சும். அதிக விலை இனாம் இல்ல, சமனைச் சுமக்கறதுக்கான கூலி. `-0.5` னு ஒண்ணு பார்த்திருப்பீங்க, அதுவும் இதே மூணு வழிதான். முழு மேட்சுல எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் வச்சு முடிச்சிடறதால அங்க சமனே வராது. அதனால 1.65-ஐயும் 2.05-ஐயும் பக்கத்துல வச்சுப் பாக்கக்கூடாது. அந்த 1.75-ஓட ஒப்பிடுங்க.

ஸ்காபரோ குளிர்
பாத்தன். `1st 5 Innings - 3 Way` எண்டுதான் கிடக்கு. என்ர பிழைதான். பாண்டி அண்ணை, புகார் தேவையில்லை.

புல்பென் வேண்டாம்
எப்பவும் 5 இன்னிங்ஸ்தான் நல்லதுன்னு நான் சொல்வேன். ஸ்டார்ட்டர் நம்ம கண்ணுக்குத் தெரிஞ்ச ஆள். புல்பென் லாட்டரி. 2018-ல மெட்ஸ் ஸ்டார்ட்டர் ஜேக்கப் டிகிராம் ஈஆர்ஏ, அதாவது 9 இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி, 1.70. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். ஆனா அவர் வெற்றி தோல்விக் கணக்கு 10-9 தான். அவ்வளவு நல்லாப் போட்டும் அவர் இறங்கின மேட்சுகளை மெட்ஸ் தோத்துட்டே இருந்துச்சு.

இடதுகை
டிகிராம் உதாரணம் பாதிக்குத்தான் உதவும். அந்த வருஷம் அவர் போடும்போது மெட்ஸ் பேட்டர்கள் ரன்னே எடுத்துக் குடுக்கல. அந்த வறட்சி முதல் 5 இன்னிங்ஸ்லயும் கூடத்தான் வரும், சமன் நிறைய விழும். ஸ்டார்ட்டர் எதிரணியைத்தான் அடக்க முடியும்.

நீங்க சொல்றதுக்குச் சரியான மேட்ச் 2020 வேர்ல்டு சீரிஸ் ஆறாவது ஆட்டம், ஆர்லிங்டன்ல நடந்தது. டாட்ஜர்ஸுக்கு எதிரா ரேஸ் டீமோட ஸ்டார்ட்டர் பிளேக் ஸ்னெல். முதல் இன்னிங்ஸ்ல ரேஸோட அரோசரேனா அடிச்ச ஹோம் ரன்னோட 1-0, அஞ்சு முடியும்போதும் அதே 1-0. ரேஸ் மேல 5 இன்னிங்ஸ் ஸ்லிப் வச்சிருந்தவன் அங்கேயே ஜெயிச்சாச்சு. ஆறாவதுல ஒரு அவுட் ஆன பிறகு டாட்ஜர்ஸோட ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள். ஸ்னெல் 73 பந்துதான் போட்டிருந்தார், 9 ஸ்ட்ரைக்அவுட், ரெண்டே ஹிட். கோச் கெவின் கேஷ் அவரை எடுத்துட்டு நிக் ஆண்டர்சனைக் கொண்டு வந்தார். மூக்கி பெட்ஸ் டபுள், ஒரு வைல்டு பிட்ச், 1-1. அடுத்து சீகர் அடிச்ச கிரவுண்டர்ல பெட்ஸ் ஓடி வந்து 2-1. கடைசில 3-1, டாட்ஜர்ஸுக்குக் கோப்பை. எனக்கு இன்னிக்கும் அந்த முடிவு வலிக்குது.

ஆனா கேஷ் ஏன் எடுத்தார்னு பாருங்க. பார்ன்ஸ் ஒன்பதாவது பேட்டர், ஸ்னெல் போட்ட 18-வது ஆள். அடுத்து பெட்ஸ் மூணாவது தடவையா வர்றார். ஒரே பிட்சரை மூணாவது முறை பாக்கும்போது பேட்டர்கள் பொதுவா நல்லா அடிப்பாங்க. 5 இன்னிங்ஸ்ல 15 அவுட், கூட அஞ்சாறு பேர் பேஸ் ஏறினா 20, 21 பேட்டர்கள். அதாவது மூணாவது சுத்து தொடங்குற இடத்துலயே பந்தயம் முடிஞ்சிடுது. ஸ்டார்ட்டரோட நல்ல பகுதியை மட்டும் நறுக்கி எடுத்த துண்டு அது.

புல்பென் வேண்டாம்
அப்ப நான் சொன்னது சரிதானே!

இடதுகை
‘எப்பவும்’ங்கறது தப்பு. அதே மேட்சுல டாட்ஜர்ஸ் ஸ்டார்ட்டர் கான்சொலின் 5 அவுட் எடுத்ததும் போயிட்டார். முதல் 5 இன்னிங்ஸ்லயே பெரும்பகுதியைப் புல்பென்தான் போட்டது. ரன்னே குடுக்கல. ரேஸ் டீமே 2018-ல செர்ஜியோ ரோமோன்னு ஒரு புல்பென் ஆளை, தொடக்கத்துல கொஞ்ச நேரம் மட்டும் போடற ஓப்பனரா இறக்கிப் பழக்கினாங்க. அந்த மாதிரி நாள்ல ஸ்டார்ட்டர் பேரைப் பாத்து 5 இன்னிங்ஸ் கட்டினா நீங்க யார் மேல கட்டினீங்கன்னே தெரியாது.

இன்னொரு கணக்கு. உங்க ஸ்டார்ட்டர் 9 இன்னிங்ஸுக்கு 3 ரன் விடறவர், எதிரி ஸ்டார்ட்டர் 4.5. 5 இன்னிங்ஸ்ல வித்தியாசம் 0.83 ரன். இப்ப முழு மேட்ச். உங்காளு 6 போட்டு, மிச்சத்தை 4.5 விடற புல்பென் போட்டா மொத்தம் 3.5. எதிராளி 5 போட்டு, 3.5 விடற புல்பென் முடிச்சா 4.06. வித்தியாசம் 0.56. இன்னிங்ஸ் கூடியும் சாதகம் குறைஞ்சிடுச்சு, அங்க 5 இன்னிங்ஸ் எடுக்கலாம். ரெண்டு புல்பென்னும் ஒரே தரமா இருந்தா, உங்காளு கூடுதலா போடற அந்த ஆறாவது இன்னிங்ஸும் உங்க பக்கம் சேர்ந்து முழு மேட்சோட வித்தியாசம்தான் பெருசா இருக்கும். இதெல்லாம் விலை போடறவனுக்கும் தெரியும். ஸ்டார்ட்டர் பேர் முதல்லயே விலையில ஏறிடும். அவன் புல்பென்னைத் தப்பா எடை போட்டிருக்கான்னு நீங்க நம்பினாத்தான் பிரிச்சு வாங்க காரணம் இருக்கு.

மேரிலாந்து மாமி
எனக்கு வேற மாதிரி ஆச்சு. கட்டினப்ப ஒரு பிட்சர் பேரு, மேட்ச் ஆரம்பிக்கறப்ப வேற ஆள் நிக்கறார். வார்ம்-அப்ல முதுகு பிடிச்சுண்டதாம். பந்தயம் ரத்தாகும்னு இருந்தேன், ஆகலை.

இடதுகை
மாமி, நீங்க கட்டினது யார் போட்டாலும் நிக்கற வகையா இருக்கும். சில இடத்துல ‘இந்த ரெண்டு பிட்சரும் தொடங்கினாத்தான்’னு தேர்ந்தெடுக்கலாம். 5 இன்னிங்ஸ் பந்தயத்துல அதை விட முக்கியமா டிக் பண்ண வேண்டிய கட்டம் எதுவும் இல்லைன்னு நினைக்கிறேன். உங்க ஸ்லிப்புல எதுன்னு பார்த்தா ஒழிய சொல்ல முடியாது.

ஸ்காபரோ குளிர்
நன்றி அண்ணை. ஒரு கேள்வி மிச்சம். சொந்த மண் டீம் முன்னால நிக்கேக்க நாலரை இன்னிங்ஸோட மழை வந்து நிண்டால் மேட்ச் செல்லும் எண்டு தெரியும். 5 இன்னிங்ஸ் ஸ்லிப்பும் அப்ப செல்லுமோ?

புல்பென் வேண்டாம்
செல்லும். முன்னால இருக்கறவன் ஜெயிச்சான்.

இடதுகை
பல இடங்கள்ல 5 முழுசா முடியணும்னு எழுதியிருப்பாங்க, அப்படின்னா காசு திரும்பும். இடத்துக்கு இடம் மாறும். நீங்க கட்டற தளத்தோட விதிப் பக்கத்துல பேஸ்பால் பகுதியைப் பாத்து அந்த வரியை இங்க போடுங்க.

ஸ்காபரோ குளிர்
தேடிக்கொண்டிருக்கிறன். பிட்சர் மாறினால் என்ன எண்டு போட்டிருக்கு, மழையைப் பற்றின வரி இன்னும் கண்ணில படேல்லை.