ஃபிஃபா தடை போட்டால் வியாசர்பாடியில் பந்து உருளாதா?

கொருக்குப்பேட்டை பத்தாம் நம்பர்: 2022-இல் ஃபிஃபா தடை போட்டதும் இந்தியாவில் கால்பந்தே நின்றுபோனது. கோகுலம் கேரளா பெண்கள் அணியைத் தாஷ்கண்டில் இருந்து ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஎஃப்சி திருப்பி அனுப்பியதே அதற்குச் சாட்சி. நாளைக்கு இன்னொரு தடை வந்தால் அணிக்கு ஏழு பேர் ஆடும் நம்ம வியாசர்பாடி செவன்ஸ் கூட நடக்காது.

பழைய விசில்: வாட்ஸ்அப்பில் படித்ததை இங்கே கொண்டுவந்து கொட்டாதீர்கள் தம்பி. தடை உத்தரவு ஆகஸ்ட் 15 தேதியிட்டது. மறுநாள் 16-ஆம் தேதி கொல்கத்தாவில் டுராண்ட் கோப்பை தொடங்கியது, முகமதன் அணி கோவாவை ஜெயித்தது. நின்றுபோன கால்பந்து எப்படி மறுநாளே ஓடியது?

ஃபிஃபாவில் உறுப்பினராக இருப்பவை 211 தேசியச் சங்கங்கள். இந்தியாவில் இருந்து அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமான ஏஐஎஃப்எஃப் மட்டும்தான். தமிழ்நாடு சங்கம் ஏஐஎஃப்எஃப்-இல் உறுப்பினர், மாவட்டச் சங்கம் தமிழ்நாட்டில், கிளப் மாவட்டத்தில். தடை போட்டதால் அறுந்தது மேல் கயிறு. நாட்டு அணியும் கிளப்பும் வெளிநாட்டோடு ஆட முடியாது, அவ்வளவுதான். கீழே லீக் நடத்துவது நம் சங்கத்தின் வேலை.

கொருக்குப்பேட்டை பத்தாம் நம்பர்: அது எல்லாம் சரி சார். கோகுலத்தை அனுப்பியது ஏஎஃப்சிதானே? ஆமாவா இல்லையா?

பழைய விசில்: போட்டியை நடத்தியது ஏஎஃப்சி. தடை போட்டது ஃபிஃபா கவுன்சிலின் பீரோ என்கிற குழு. தடையில் இருக்கிற சங்கத்தோடு மற்ற உறுப்பினர்கள் விளையாட்டுத் தொடர்பு வைக்கக் கூடாது என்பது ஃபிஃபா விதி. அந்தப் பெண்களோடு ஆட வேண்டியது உஸ்பெகிஸ்தான் கிளப், ஈரான் கிளப். ஆடியிருந்தால் அவர்கள் சங்கமும் மாட்டியிருக்கும். ஏஎஃப்சி என்ன செய்யும்?

காசிமேடு கோல் போஸ்ட்: நல்ல இடத்தில் பேச்சு வந்தது. என் மகன் அண்டர் 15. போன சீசன் ஆடிய கிளப் அவனை ரிலீஸ் செய்ய மாட்டேன் என்கிறது. புது கிளப்பில் பெயர் ஏறவில்லை. கோபத்தில் ஃபிஃபாவுக்கே மெயில் போட்டுவிட்டேன். பதில் எப்போது வரும்?

மகாகவி நகர் ரிசர்வ் பெஞ்ச்: மகன் ரிட்டயர் ஆவதற்குள் வந்துவிடும்ணே.

பழைய விசில்: கேலி போதும். அண்ணே, ஒரே ஊரில் கிளப் மாறுவது ஃபிஃபா வரை போகாது. பையன் நாடு தாண்டி வேறு சங்கத்தில் பதிந்தால்தான் சர்வதேசச் சான்றிதழ், ஃபிஃபா கணினி எல்லாம் வரும். உங்கள் வழி இதுதான்: பழைய கிளப்புக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு மாவட்டச் சங்கம், அப்புறம் மாநிலம். அதற்கும் மேலே ஏஐஎஃப்எஃப்-இல் வீரர் தகுதிக் குழு இருக்கிறது. முதலில் பையன் பெயர் பதிவில் எந்தக் கிளப்பின் கீழ், எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். பாதி தகராறு அங்கேயே தெரிந்துவிடும்.

காசிமேடு கோல் போஸ்ட்: கையெழுத்தெல்லாம் போட மாட்டார்கள் சார். செயலாளர் என் மச்சானுக்குச் சொந்தம். அதுதான் பிரச்சினையே.

கொருக்குப்பேட்டை பத்தாம் நம்பர்: என் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஃபிஃபா தடையை நீக்கியது ஆகஸ்ட் 26. கோகுலத்தின் முதல் மேட்ச் 23. மூன்று நாள் தள்ளி வைத்திருந்தால் அந்தப் பெண்கள் ஆடியிருப்பார்கள். தேதி யார் கையில்? ஏஎஃப்சி கையில்! அப்படியென்றால் அனுப்பியது ஏஎஃப்சி.

பழைய விசில்: 23-ஆம் தேதி காலையில் 26-இல் தடை நீங்கும் என்று யாருக்குத் தெரியும்? ஜோசியம் பார்த்தா அட்டவணை போடுவார்கள்?

கதையை முழுசாகக் கேளுங்கள். ஏஐஎஃப்எஃப் நிர்வாகம் தேர்தல் நடத்தாமல் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களை இறக்கிவிட்டு நிர்வாகக் குழு ஒன்றைப் போட்டது. வெளியார் தலையீடு என்றது ஃபிஃபா. குழுவின் அதிகாரத்தை ரத்து செய்ய வேண்டும், அன்றாட நிர்வாகம் சங்கத்திடமே திரும்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஆகஸ்ட் 22-இல் நீதிமன்றமே குழுவைக் கலைத்தது. நாலு நாளில் தடை போனது. அக்டோபரில் பெண்கள் அண்டர் 17 உலகக் கோப்பை இங்கே நடக்க வேண்டியிருந்தது, அந்த அவசரம். மோகன் பகானின் ஏஎஃப்சி கோப்பை மேட்ச் செப்டம்பர் 7. தடை நீங்கியிருந்ததால் ஆடினார்கள். கோகுலத்துக்குத் தேதிதான் எமன்.

கொருக்குப்பேட்டை பத்தாம் நம்பர்: தேதி போட்டது யார்? ஏஎஃப்சி. நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

பழைய விசில்: எதையும் ஒத்துக்கொள்ளவில்லை!

மகாகவி நகர் ரிசர்வ் பெஞ்ச்: விசில் சார் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். முல்லை நகர் ஃபைனலில் பந்து தோளில் பட்டதற்குப் பெனால்டி கொடுத்தவர் ஆயிற்றே. அதற்கும் ஃபிஃபா கடிதம் வந்ததா சார்?

பழைய விசில்: கை. தோள் இல்லை, கை. நான் நின்ற இடத்தில் இருந்து தெளிவாகத் தெரிந்தது.

மகாகவி நகர் ரிசர்வ் பெஞ்ச்: நீங்கள் நின்றது சென்டர் சர்க்கிளில்.

காசிமேடு கோல் போஸ்ட்: அந்த மேட்ச்சில் நானும் இருந்தேன். தோள்தான்.

பழைய விசில்: கை எது, தோள் எது என்று முடிவு செய்வது நானும் இல்லை, ஃபிஃபா தனியாகவும் இல்லை. ஆட்ட விதியை எழுதுவது ஐஎஃப்ஏபி. அங்கே எட்டு ஓட்டு. ஃபிஃபாவுக்கு நாலு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்துக்கு ஆளுக்கு ஒன்று. ஆறு ஓட்டு இல்லாமல் ஒரு வரி மாறாது. அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே தோள், கீழே கை. எனக்கு அது கீழே.

மகாகவி நகர் ரிசர்வ் பெஞ்ச்: உங்களுக்கு.

கொருக்குப்பேட்டை பத்தாம் நம்பர்: சரி, செவன்ஸை யாரும் தொட முடியாது என்கிறீர்களா? போன தடவை ரெஃப்ரி கடைசி நேரத்தில் வரவில்லையே, ஏன்? மேலே இருந்து போன் வந்ததால்தானே?

பழைய விசில்: மேலே என்றால் ஃபிஃபா இருக்கிற சூரிச்சா? சங்கத்தில் பதிந்த ரெஃப்ரி அனுமதி இல்லாத போட்டியில் விசில் ஊதினால் சங்கம் கேள்வி கேட்கும். பதிந்த வீரன் ஆடினாலும் அப்படியே. தெருப் போட்டியை நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஆடுகிறவனின் பதிவு அட்டையைத்தான் பிடிப்பார்கள். பதிவே இல்லாத பையனை ஒன்றும் செய்ய முடியாது. எந்த ஊர் செவன்ஸாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

மகாகவி நகர் ரிசர்வ் பெஞ்ச்: ஆக, ஆட்டம் நம்முடையது, அட்டை அவர்களுடையது. ஓட்டு யாருடையது? தடை நீங்கியதும் செப்டம்பரில் நடந்த ஏஐஎஃப்எஃப் தலைவர் தேர்தலில் பைச்சுங் பூட்டியா 33-1 என்று தோற்றார். இந்தியாவுக்கு எத்தனையோ மேட்ச் ஆடியவருக்கு ஒரே ஓட்டு. வியாசர்பாடி ஆட்டக்காரன் ஒருத்தனையாவது கேட்டார்களா?

பழைய விசில்: கேட்கவில்லை. அந்தத் தேர்தலில் ஓட்டு மாநிலச் சங்கத்துக்கு. தமிழ்நாட்டுக்கு ஒன்று. முன்னாள் வீரர்கள் 36 பேருக்குத் தனி ஓட்டு கொடுக்கலாம் என்று அந்த நிர்வாகக் குழு எழுதியது. ஃபிஃபாவுக்கு அது பிடிக்கவில்லை, போய்விட்டது. இதில் எனக்கு ஃபிஃபா மேல் கோபம்தான்.

கொருக்குப்பேட்டை பத்தாம் நம்பர்: அப்போ கோகுலத்துக்கு மட்டும் ஃபிஃபாவுக்கு வக்காலத்து ஏன்?

பழைய விசில்: வக்காலத்து இல்லை, விதி!

காசிமேடு கோல் போஸ்ட்: ஃபிஃபாவில் இருந்து பதில் வந்துவிட்டது. தானாக அனுப்பும் மெயில் போலிருக்கிறது. உங்கள் தேசியச் சங்கத்தை அணுகவும் என்று போட்டிருக்கிறது. மச்சானிடம் இதைக் காட்டலாமா?

கொருக்குப்பேட்டை பத்தாம் நம்பர்: ஏஎஃப்சிக்குப் போடுங்கண்ணே. திருப்பி அனுப்புவதில் அவர்கள்தான் கில்லாடி.

பழைய விசில்: ஏஎஃப்சி அனுப்பவில்லை என்று எத்தனை தடவை சொல்வது!