சதுரமல்லாத அணியில் சாய்வாக நடந்து, ஓரத்தில் திரும்புவதற்கு என்ன சொல்?

கயல்விழி, சனி இரவு

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் யீஷூனில் சனிக்கிழமைதோறும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். வகுப்புக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுப்பது வழக்கம். இங்கே பள்ளியில் கணக்கை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். அதனால் நான் எழுதும் சொல்தான் பல நேரம் அவர்கள் காதில் விழும் முதல் தமிழ்ச் சொல்லாக இருக்கிறது. தப்பான சொல்லைப் பழக்கிவிடக்கூடாது என்று பயமாக இருக்கிறது.

இன்றைய பாடம் இது. எண்களைக் கட்டமாக அடுக்கிய அணியின் இடது மேல் மூலையில் தொடங்கி, சாய்வாக ஏறி, ஓரம் வந்ததும் பக்கத்துச் சாய்கோட்டுக்கு மாறிச் சாய்வாக இறங்கி, இப்படி ஏறி இறங்கியே எல்லா எண்களையும் படிக்க வேண்டும். ஒரு பையன் எழுதிய நிரல், குறுக்கே 3 நிரையும் நெடுக்கே 4 நிரலும் கொண்ட அணியில் சரியாக ஓடியது. அதையே 4 நிரை, 3 நிரல் என்று மாற்றிக் கொடுத்தேன். ஆறாவது எண்ணுக்கு அப்புறம் நின்றுவிட்டது. மேலேறும் பகுதியை அவன் எழுதியிருந்தது இப்படி. `i` நிரை எண், `j` நிரல் எண், இரண்டும் 0-இல் தொடங்கும். `n` என்பது எத்தனை நிரல் என்பது:

```python
if i == 0:
    j += 1; up = False
elif j == n - 1:
    i += 1; up = False
else:
    i -= 1; j += 1
```

பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. ஓரத்தில் நடக்கும் அந்தச் செயலுக்கு ஒரு பெயர் இருந்தால் "இதை இந்த வரிசையில் கேள்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பேன்.

இன்னொரு நெருடலும் உண்டு. இந்தச் சாய்கோடுகளை மூலைவிட்டம் என்று சொல்லலாமா? மூலைக்கு மூலை போனால்தானே அது மூலைவிட்டம்?

சுப்பையா, ஞாயிறு காலை

அன்புள்ள கயல், நல்ல கேள்வி. உழவில் இதற்குச் சொல் இருக்கிறது அம்மா. வயலின் கரை வந்ததும் மாட்டை மடக்குவோம். நான் சிறுவனாக இருந்தபோது என் பெரியப்பா "மடக்கு, மடக்கு" என்று குரல் கொடுப்பது இன்னும் காதில் இருக்கிறது. ஏர் ஒரு சால் போய், மடங்கி, மறு சால் திரும்பி வரும். உன் அணியிலும் அதுதான் நடக்கிறது. போன வழியே திரும்பி வருகிறது. எனவே மடக்கு என்றே வைக்கலாம். விளிம்பு மடக்கு என்றால் இன்னும் தெளிவு.

மூலைவிட்டம் பற்றி: புழங்கிவிட்ட சொல்லைக் கலைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சாந்தி, ஞாயிறு மதியம்

கயல், எந்த மூலையிலிருந்து வெட்டத் தொடங்குவது என்றுதான் கேட்கிறாய் என நினைத்து எழுதுகிறேன். தேக்காவில் இருபது வருஷமாகத் தைக்கிறேன். ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கத் துணியைச் சாய்வாகக் கீற்றுக் கீற்றாக வெட்டுவோம், கிராஸ் பீஸ் என்போம். துணி நீளமாக இருக்கும், சதுரமாக இருக்காது. ஒரு மூலையில் சரியான சாய்வில் கத்தரியை வைத்தால் எதிர் மூலைக்குப் போகவே போகாது, நீளப் பக்கத்தின் நடுவில் எங்கேயாவது போய் முடியும். மூலையைப் பார்த்துக் கத்தரித்தால் சாய்வு கெட்டுத் துணி இழுத்துக்கொள்ளும். புதிதாக வருகிற பெண்கள் எல்லாரும் இதில்தான் தப்பு செய்வார்கள். முதல் கீற்றும் கடைசிக் கீற்றும் குட்டையாக வரும், நடுவில் உள்ளவை ஒரே நீளம். இது உதவுமா தெரியவில்லை.

இளங்கோ, ஞாயிறு இரவு

சாந்தி அக்கா கேள்வியைத் துணியாக எடுத்துக்கொண்டாலும் சொன்னது அணிக்கு அப்படியே பொருந்துகிறது. 4 நிரை, 3 நிரல் அணியில் சாய்கோடுகளின் நீளம் 1, 2, 3, 3, 2, 1. முதலும் கடைசியும் குட்டை, நடுவில் ஒரே நீளம். மொத்தம் 4 + 3 − 1 = 6 கோடுகள். இவற்றில் ஒன்றுகூட மூலையில் தொடங்கி எதிர் மூலையில் முடியாது. சதுர அணியில் மட்டும் ஒரே ஒரு கோடு அப்படி அமையும். எனவே கயலின் நெருடல் நியாயமானதுதான். இந்தக் கோடுகளுக்கு சாய்நிரை என்று பெயர் வைப்போம். ஒரு சாய்நிரையில் இருக்கும் எல்லா இடத்திலும் நிரை எண்ணையும் நிரல் எண்ணையும் கூட்டினால் ஒரே விடை வரும்.

சுப்பையா ஐயா, மன்னிக்கவும், மடக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. போன வழியே திரும்புவதில்லை. ஓரத்தில் இரண்டு செயல் நடக்கிறது. முதலில் ஓரத்தை ஒட்டி ஓரடி நகர வேண்டும், அப்புறம்தான் திசை மாறும். அந்த ஓரடி எந்தப் பக்கம் என்பதில்தான் பையன் தடுக்கி விழுந்திருக்கிறான்.

1 முதல் 12 வரை நிரை நிரையாக எழுதிக்கொள்ளுங்கள்.

```
 1  2  3
 4  5  6
 7  8  9
10 11 12
```

1 படித்தாயிற்று. 2, 4 என்று இறங்கினோம். 7, 5, 3 என்று ஏறினோம். இப்போது 3-இல் நிற்கிறோம். அது மேல் ஓரமும்தான், வலது ஓரமும்தான். மேல் ஓரத்தின் விதி "வலப்பக்கம் ஓரடி போ" என்கிறது. வலது ஓரத்தின் விதி "கீழே ஓரடி போ" என்கிறது. வலப்பக்கம் இடமே இல்லை, ஆகவே வலது ஓரத்தை முதலில் கேட்க வேண்டும். பையன் மேல் ஓரத்தை முதலில் கேட்டான், அணிக்கு வெளியே போய்விட்டான். சரியான விடை 1 2 4 7 5 3 6 8 10 11 9 12. கீழே இறங்கும்போது 10 இருக்கும் மூலையிலும் இதே கதைதான். அங்கே கீழ் ஓரத்தை முதலில் கேட்க வேண்டும்.

3 நிரை, 4 நிரல் அணியில் இந்தப் பிழை ஏன் தெரியவில்லை? நிரல்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால்தான் ஏற்றம் வலது மேல் மூலையில் முடியும். நிரைகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால்தான் இறக்கம் இடது கீழ் மூலையில் முடியும். 3-க்கு 4 அணியில் இரண்டும் இல்லை. இரண்டு மூலையிலும் சாய்நிரை தொடங்குகிறதே தவிர முடிவதில்லை, அதனால் இரண்டு விதிகள் மோதும் நேரமே வராது. 4-க்கு 3-இல் இரண்டு மூலையிலும் மோதும். சதுர அணியில் எப்போதும் ஒரு மூலையில் மட்டும் மோதும். எனவே சதுரத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் பாதிப் பிழை ஒளிந்துகொள்ளும்.

பையன் பைத்தானில் எழுதியது நல்லதாயிற்று, பிழை என்று சொல்லி நின்றது. சி மொழியில் அணியை ஒரே நீளப் பட்டியலாக வைத்து `a[i*3+j]` என்று படித்திருந்தால், வெளியே போன இடம் அடுத்த நிரையின் முதல் எண்ணாகிவிடும். 3-க்கு அப்புறம் 6 வராமல் 4 மறுபடி வரும், நிரல் நிற்காது. மற்ற மூலை சரியாக இருந்தால் விடை 1 2 4 7 5 3 4 6 8 10 11 9 என்று முடியும். பன்னிரண்டு எண்களும் இருப்பதுபோலத் தெரியும். 4 இரண்டு முறை, 12 இல்லவே இல்லை. அதனால்தான் சோதிக்கும்போது எல்லாம் வேறு வேறு எண்ணாகக் கொடுக்கச் சொல்கிறேன்.

முருகு, திங்கள் காலை

இவ்வளவு பாடு எதற்கு? ஓரம், மூலை எதையும் பார்க்க வேண்டாம். `m` நிரை, `n` நிரல் கொண்ட அணியில் சாய்நிரையின் எண் `d`-ஐ வைத்தே தொடக்க இடம் கிடைத்துவிடும்.

```python
for d in range(m + n - 1):
    i = min(d, m - 1)
    j = d - i
```

இங்கிருந்து மேலே ஏறி எண்களைச் சேர்த்துக்கொண்டு, `d` ஒற்றைப்படையாக இருந்தால் அந்தத் துண்டைப் புரட்டிவிடுவேன். திருப்பமே இல்லை, அதற்குச் சொல்லும் தேவையில்லை.

இளங்கோ, திங்கள் மதியம்

முருகு, நல்ல வழி. வேலையில் நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் ஓரம் மறைந்துவிடவில்லை, `min`-க்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. `d` நான்கைத் தொடும் வரை தொடக்கம் இடது ஓரத்தில் இறங்கிக்கொண்டே போகும். அதன்பின் கீழ் ஓரத்தில் வலப்பக்கம் நகரும்.

அங்கே `m - 1` என்பதற்குப் பதில் `n - 1` என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். சதுர அணியில் ஒன்றும் ஆகாது. 4-க்கு 3-இல் கடைசி நிரை முழுவதும் காணாமல் போகும். அணிக்குள் இருக்கும்வரைதான் ஏறுவீர்கள் என்பதால் பிழைச் செய்தியும் வராது, ஒன்பது எண் மட்டும் சத்தமில்லாமல் வரும். இதை ஒருமுறை நானே செய்து, ஒரு முழு மாலை தேடியிருக்கிறேன். எனவே சொல் வேண்டும்தான்.

நிர்மலா, திங்கள் இரவு

நான் யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு இங்கு வந்தவள். எங்களுக்கு அணி இல்லை, தாயம். யாராவது "அணி" என்றால் முதலில் எனக்கு இலக்கணம்தான் நினைவுக்கு வரும். மடக்கு என்று வைத்தால், மடக்கு என்பதும் ஓர் அணி, சொல் மறுபடி மறுபடி வருவது. அதற்கு மேல் மடக்கை என்றால் லாகரிதம். கணக்குப் புத்தகத்தில் மடக்கையும் மடக்கும் ஒரே பக்கத்தில் வந்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

சேலையின் ஓரத்தைக் கரை என்கிறோம். தறியில் நாடா ஒரு கரை தொட்டு மறு கரைக்குத் திரும்பும், அதற்குள் துணி ஓர் இழை முன்னே போயிருக்கும். நீங்கள் சொல்லும் ஓரடி அதுதானே? கரைத்திருப்பம் என்று வைக்கலாமே.

சுப்பையா, செவ்வாய் காலை

இளங்கோ சொன்ன ஓரடியை நான் கவனிக்கவில்லை, திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஏரும் அதே சாலில் திரும்புவதில்லை தம்பி. ஒரு சால் அகலம் தள்ளித்தான் மாட்டை மடக்குவோம். அப்படிப் பார்த்தால் உன் ஓரடி மடக்கிலேயே இருக்கிறது. நிர்மலா சொன்ன மடக்கை இடைஞ்சலை மறுக்க முடியவில்லை. ஆனாலும் கரைத்திருப்பத்தில் நகர்வு காதில் விழவில்லையே. திருப்பம் மட்டும்தான் விழுகிறது.

கயல்விழி, செவ்வாய் இரவு

எல்லாருக்கும் நன்றி. சாய்நிரையை இந்த வாரமே குறிப்பில் எழுதிவிடுகிறேன், அதில் யாருக்கும் மறுப்பில்லை. கூடவே, நிரல் என்பதை நெடுவரிசைக்கும் எழுதி, பையன் எழுதியதற்கும் எழுதுகிறேன் என்பது இந்த மடல்களைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. குறிப்பில் இரண்டாவதை நிரலி என்று மாற்றிப் பார்க்கப் போகிறேன்.

ஓரத்துக்கு, இப்போதைக்கு இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். அந்த ஓரடி கரைநகர்வு, அதன்பின் திசை மாறுவது திருப்பம். "மேலேறும்போது வலது கரையின் நகர்வை முதலில் பார், கீழிறங்கும்போது கீழ்க் கரையின் நகர்வை முதலில் பார், திருப்பம் எந்தக் கரையிலும் ஒன்றுதான்." இன்று மாலை அந்தப் பையனுக்கு இதை அனுப்பினேன். அவன் இரண்டு வரியை இடம் மாற்றி, 4-க்கு 3-ஐ ஓட்டிக் காட்டினான், சரியாக வந்தது. இறங்கும் பகுதியிலும் அதே தவறு இருந்ததைச் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறான்.

சுப்பையா ஐயா, ஒன்று கேட்க வேண்டும். நகர்வும் திருப்பமும் சேர்ந்த முழுச் செயலுக்கு ஒரே சொல் கேட்டால் நான் இன்னும் மடக்கின் பக்கம்தான் சாய்கிறேன். மடக்கையோடு மோதாதபடி, மாட்டை மடக்கும் அந்த இடத்துக்கே உங்கள் ஊரில் தனிப் பெயர் ஏதாவது இருந்ததா?