செல்ஃப் அப்ரைசல்ல அவுட்டர்ன் கணக்கு எப்படி எழுதுறது? (தலவாக்கலைக்குப் புதுசு)

குன்னூர்க்காரன்: நீலகிரியிலருந்து தலவாக்கலைப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரிக்கு அசிஸ்டன்ட் ஆபீசரா வந்திருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அப்ரைசல் ஃபாரம் கொடுக்கணும். நூறு கிலோ கொழுந்துக்கு எத்தனை கிலோ தூள் வருதுங்கிற அவுட்டர்ன், நான் சேர்ந்த ஜூன்ல 20.6, இந்த பிப்ரவரியில 21.8. "கடுமையாக உழைத்து அவுட்டர்னை 1.2 உயர்த்தினேன்"னு எழுதியிருக்கேன். போதுமா?

கண்டி ஆபீஸ்: "கடுமையாக உழைத்து"வ எடுத்துருங்க, எல்லாரும் எழுதுறதுதான். நம்பர் இருக்கு, நல்லது. எல்லா வரியிலயும் ஒரு சதவீதம் போட்டுருங்க.

பழைய டீமேக்கர்: உழைப்ப எடுக்கச் சொன்னது சரி. நம்பர்தான் உதைக்குது. ஜூன்ல இங்க தென்மேற்கு மழை, கொழுந்து தண்ணியோட தராசுக்கு வருது, அவுட்டர்ன் தானா இறங்கும். பெப்ரவரி வெயில்ல தானா ஏறும். இத படிக்கிற தொரை முப்பது வருஷம் மழை பார்த்தவர் தம்பி. போன பெப்ரவரி எவ்வளவு? கொழுந்து நிறுக்கும்போது கழிக்கிற கழிவு மாறிச்சா? நீங்க கைவச்ச வேலை எது?

நுவரெலியா ரிசப்ஷன்: அப்ரைசல் சரியில்லாட்டி விசா நீடிக்க மாட்டாங்களா? எனக்கும் அடுத்த மாசம் முடியுது.

குன்னூர்க்காரன்: விசா வேற விஷயம்ங்க. டீமேக்கர் அண்ணே, போன பிப்ரவரி 21.5. கழிவு ஜனவரியிலருந்து 6 சதவீதத்த 7 ஆக்கியிருக்காங்க. நான் செஞ்சது டிரையர்தான். வாய்ல வர்ற தூள்ல ஈரம் 2.5 சதவீதமா இருந்துச்சு, அளவுக்கு மீறிக் காயுது. மணிக்கொரு தடவை சாம்பிள் எடுத்து 3க்குக் கொண்டுவந்தேன். லாக் புக்ல இருக்கு.

பழைய டீமேக்கர்: அப்போ கூடினது 1.2 இல்ல, 0.3. அதுலயும் கழிவ ஒரு சதவீதம் கூட்டினா கணக்குல கொழுந்து குறையும், அவுட்டர்ன் 0.2க்கு மேல தானா ஏறும். அது கொழுந்து எடுத்த பொம்பளைங்க கூடையிலருந்து போனது, உங்க சாதனை இல்ல. டிரையர் ஈரம் அரை சதவீதம் கூடினதுக்கு 0.1 வரும். ரெண்டையும் கூட்டிப் பாருங்க, 0.3 சரியா விழுது. 0.1 சின்னதா தெரியும். ஆனா லட்சம் கிலோ கொழுந்துக்கு அது 100 கிலோ தூள். இப்படி எழுதுங்க: "டிரையர் வாயில் தூளின் ஈரத்தை 2.5இலிருந்து 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். மணிவாரிப் பதிவு லாக் புத்தகத்தில் உள்ளது. ஒரு லட்சம் கிலோ கொழுந்துக்குச் சுமார் 100 கிலோ தூள் கூடுதல்." 3ஐ ரொம்பத் தாண்டினா தூள் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால தாண்டாம இருந்த நாட்களையும் லாக்லருந்து எண்ணிப் போடுங்க.

கண்டி ஆபீஸ்: மொத்தமா 0.3னு போட்டா யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?

பழைய டீமேக்கர்: கழிவ கூட்டச் சொன்னதே அந்தத் தொரைதானே.

குன்னூர்க்காரன்: அப்போ கழிவு மாறினத ஃபாரத்துல சொல்லணுமா, இல்ல அவுட்டர்ன் பேச்சையே விட்டுட்டு டிரையரை மட்டும் எழுதவா?

பதுளை ராணி: டிரையர மட்டும் எழுதுங்க. புதுசா வந்தவர் கழிவு பேச்ச எடுத்தா வம்பு.

பழைய டீமேக்கர்: நான்னா ஒரு வரி எழுதுவேன். நாளைக்கு கழிவ பழையபடி குறைச்சா அவுட்டர்ன் விழும், அப்போ கேள்வி உங்ககிட்டத்தான் வரும்.