இரண்டு யாகியைச் சேர்த்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். 2: கால் அலைக் கேபிள் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்_மொட்டைமாடி
தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு யாகியும் 145 மெகாஹெர்ட்ஸில் 1.1. டி கனெக்டரில் இரண்டையும் சேர்த்ததும் முள் நேராக 2-க்குப் போய் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் 75 ஓம் கேபிள்தான். 50 ஓமை 112 ஆக்கி, இரண்டும் இணையும்போது 56 வர வேண்டும். யாகிகளுக்கு நடுவில் 2.4 மீட்டர் இருப்பதால் ஒரு கால் அலை எட்டாது, ஐந்து கால் அலை வைத்தேன். காற்றில் கால் அலை 51.7 செ.மீ., கேபிளின் வேகக் காரணி 0.66. கணக்கு: 51.7 × 0.66 × 5, அதாவது 170.6 செ.மீ. கேபிள், டிஷ் மாட்டியவர்கள் விட்டுப்போன மிச்சம், உள்ளே வெள்ளை நுரை. இரண்டும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே நீளம். அப்புறமும் ஏன் 2?

பீனிக்ஸ்_145
நுரைக் கேபிளுக்கு 0.66 பொருந்தாது, அது தப்புதான். ஆனால் அதனால் 2 வராது தம்பி. நீளம் கொஞ்சம் குறைந்தாலும் இந்த மேட்ச் பொறுத்துக்கொள்ளும். உங்கள் கனெக்டரைப் பாருங்கள். டிஷ் கேபிளின் வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் பிடிக்காது. பிடித்த மாதிரி உருண்டு நிற்கும், இழுத்தால் கழன்று வரும். எஃப் கனெக்டரை அழுத்திப் பொருத்திவிட்டு, அதன் மேல் அடாப்டர் போடுங்கள். நம் டர்பன் கடற்காற்றுக்குச் சுய ஒட்டு ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மடிப்புகள் ஓட்டுக்கூரை மாதிரி தண்ணீரைக் கீழே தள்ளும். அதன் மேல் சாதாரண கறுப்பு நாடா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு முனையைப் பிரித்துப் பாருங்கள். பின்னல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வெருலம்_பழையகை
கனெக்டர் பற்றி அண்ணன் சொன்னது சரி. பொறுத்துக்கொள்ளும் என்பது ஒற்றைக் கால் அலைக்கு மட்டும்தான். 34.1 செ.மீ. நுரைக் கேபிளை வைத்திருந்தால் அது 90 டிகிரிக்குப் பதில் 72 டிகிரி, எஸ்.டபிள்யூ.ஆர். 1.3-ஐத் தாண்டாது. ஐந்து மடங்கு வைத்தால் பிழையும் ஐந்து மடங்கு.

இந்த மாதிரி நுரைக்கு 0.82, 0.83 என்று வரும். 0.825 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 × 0.66 = 3.3. 4 × 0.825-உம் 3.3. ஆக, நீங்கள் ஐந்து கால் அலை என்று வெட்டியது உண்மையில் நான்கு கால் அலை, ஒரு முழு அலை. முழு அலை எதையும் மாற்றாது. 50 போனால் 50-தான் வரும். இரண்டு 50 இணையாக 25. எஸ்.டபிள்யூ.ஆர். சரியாக 2. உங்கள் முள் பொய் சொல்லவில்லை.

கேபிள் மேல் அச்சிட்டதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரு துண்டின் மறுமுனையைத் திறந்தே விட்டு, நானோ வி.என்.ஏ.வில் மாட்டிக் கீழிருந்து அலைவரிசையை ஏற்றுங்கள். முதல்முறை எங்கே ஷார்ட் மாதிரி தெரிகிறதோ, அங்கே அது கால் அலை. 0.66 என்றால் 29 மெகாஹெர்ட்ஸில் வரும், 0.825 என்றால் 36-க்குச் சற்று மேலே.

ரோஸ்ஹில்_வளையம்
மொரிஷியஸிலிருந்து. 40 மீட்டர் முழு அலை வளையத்துக்கு 75 ஓமில் 6.97 மீட்டர் போட்டது 7.1-இல் நன்றாக இருக்கிறது. அதே துண்டு 14.2-இல் அரை அலையாகிவிடுவதால் வளையத்தின் மின்மறுப்பு மாறாமல் அப்படியே வருகிறது. இரண்டு பட்டைக்கும் ஒரே துண்டு போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பீனிக்ஸ்_145
இங்கே யாரும் இரண்டு பட்டை கேட்கவில்லை ஐயா.

சாட்ஸ்வொர்த்_மொட்டைமாடி
அளந்தேன். ஷார்ட் 36.3-இல். திரையில் 145-க்கு நகர்த்தினால் புள்ளி வட்டத்தின் வலது ஓரத்துக்கே போய்விடுகிறது. திறந்த முனை திறந்ததாகவே தெரிகிறது. பழையகை ஐயா சொன்ன முழு அலைதான். புதிதாக 213 செ.மீ.யில் இரண்டு வெட்டினேன். இப்போது 1.35. கணக்குப்படி 1.13 வர வேண்டாமா?

பீனிக்ஸ்_145
கனெக்டர் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

வெருலம்_பழையகை
இருக்கலாம். இரண்டு யாகியும் ஒன்றையொன்று பாதித்து, சேர்ந்து நிற்கும்போது 50-லிருந்து விலகியும் இருக்கலாம். யாகிகளைக் கழற்றிவிட்டு, இரண்டு முனையிலும் 50 ஓம் டம்மி லோடு மாட்டிப் பாருங்கள். 1.13 வந்தால் கேபிள் குற்றமில்லை, யாகி இடைவெளியைப் பார்க்க வேண்டும். வராவிட்டால் அண்ணன் சொன்னதுதான்.

சாட்ஸ்வொர்த்_மொட்டைமாடி
என்னிடம் டம்மி லோடு ஒன்றுதான் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் யாரிடமாவது இன்னொன்று இருந்தால் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.