பல்லுனு நினைச்சு மூணு நாள் விட்டுட்டோம். உங்க வீட்ல என்ன ஆச்சு?

திருப்பூர் அம்மா

ஒரு மாசமா இதை யார்கிட்டயாவது சொல்லணும்னு இருக்கு. பாப்பாவுக்கு அப்ப எட்டு மாசம். ஜொள்ளு ஊத்திட்டே இருந்தா, கையில கிடைச்சதெல்லாம் கடிச்சா, கீழ் ஈறு புடைச்சிருந்துச்சு. அதனால வியாழக்கிழமை உடம்பு சுட்டப்ப யாருமே பதறல. "பல்லு வருது, காயத்தான் செய்யும்"னு அத்தை சொன்னாங்க. நானும் அதையேதான் நினைச்சேன், அவங்க மேல மட்டும் பழி போட மாட்டேன். சொட்டு மருந்து கொடுத்தா காய்ச்சல் இறங்கும், ஆறு மணி நேரத்துல திரும்ப ஏறும். 102, அப்புறம் 102.6, சனிக்கிழமை ராத்திரி 103.4. குடிச்ச பாலை அப்படியே வாந்தி எடுத்தா.

ஆஸ்பத்திரியில காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பாத்தாங்க, சுத்தமா இருக்குன்னாங்க. "சளி இல்ல, இருமல் இல்ல, மூணு நாளா காய்ச்சல், பெண் குழந்தை. யூரின் பாக்கணும்"னு டாக்டர் சொன்னாரு. மெல்லிசா ஒரு டியூப் வெச்சு எடுத்தாங்க. பாப்பா துடிச்ச துடி இருக்கே, காலை நான்தான் பிடிச்சிருந்தேன். அந்தக் குட்டி பாட்டில்ல விழுந்தது அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கலா இருந்துச்சு. இப்பவும் அரிசி களையும்போதெல்லாம் அதுதான் கண்ணுல நிக்குது.

கல்ச்சர்ல ஈ.கோலை கிருமி. முதல்ல ஊசி, அப்புறம் வாய்வழி மருந்து, மொத்தம் பத்து நாள். ஸ்கேன்ல ஒரு பக்க கிட்னியில லேசா வீக்கம் தெரியுது, திரும்ப எடுத்துப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க.

வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாள் ராகிக்கூழ் ஊட்டும்போது ஸ்பூன்ல 'டிக்'னு சத்தம். கீழே நடுவுல வெள்ளையா ஒரு கோடு. அத்தை உடனே, "பாத்தியா, அத்தனையும் இந்தப் பல்லுக்குத்தான்"னாங்க. ரிப்போர்ட் கையில இருந்தும் எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

மதுரை, மூணு பிள்ளைங்க

உங்க பாப்பாவுக்கு வந்தது வேற நோய்ம்மா, அதுக்காகப் பல்லுக்குக் காய்ச்சலே வராதுன்னு ஆகிடுமா? என் மூணு பிள்ளைகளுக்கும் பல் வர்றப்ப உடம்பு வெதுவெதுன்னு இருக்கும், ரெண்டு நாள் தண்ணியா போகும். ஜொள்ளை எல்லாம் முழுங்குதுல்ல, அதுதான் வயித்தால போகுது. பெரியவனுக்கு நாலு மாசத்துலயே ஆரம்பிச்சிருச்சு. கழுத்துல கட்டுன துணியைப் பிழிஞ்சா சொட்டும், தாடை ரெண்டும் ரத்தச் சிவப்பா வெந்துபோய்க் கிடந்துச்சு. ராத்திரி முச்சூடும் தோள்லயே வெச்சுக்கிட்டு நடந்தேன். பல்லு எப்ப வந்துச்சு தெரியுமா? ஏழு மாசம் முடிஞ்சு!

சுத்தமான பருத்தித் துணியை நனைச்சு ஃப்ரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வெச்சுக் கடிக்கக் கொடுங்க, கேக்கும். கேரட்டும் அப்படிக் கொடுக்கலாம். விரலை நல்லா கழுவிட்டு ஈறை மெதுவா அமுக்கி விட்டா தூங்கிரும். கண்டதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினா அங்கேருந்து ஒட்டிக்கிட்டு வர்ற நோய்தான் அதிகம்.

கிராம செவிலியர்

மதுரை அக்கா, கோவிச்சுக்காதீங்க, 'பல்லுக்குப் பேதி'ங்கறதை மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. நான் வீடு வீடா போற ஆளு.

பத்து மாசப் பையன், மேல் பல் ரெண்டும் எட்டிப் பாக்குது. பேதி நாலாவது நாள். "பல்லுக்குத்தான் சிஸ்டர், தானா நின்னுரும்"னு பாட்டி சொல்லி, தாய்ப்பாலையும் குறைச்சு, வெறும் ஜவ்வரிசிக் கஞ்சித் தண்ணி கொடுத்துட்டு இருந்தாங்க. குழந்தை அழுதான், கண்ணுல தண்ணி வரல. வயித்துத் தோலை ரெண்டு விரலால கிள்ளி விட்டேன். நல்லா இருக்கற குழந்தைக்கு உடனே சமமாயிடும். இவனுக்கு மடிப்பு மடிப்பாவே நின்னுச்சு, நான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறேன், அப்புறம்தான் மெல்ல இறங்குச்சு. 108-ஐக் கூப்பிட்டு அனுப்பினோம். பிழைச்சுட்டான்.

ஜொள்ளு பெரும்பாலும் வெறும் தண்ணிதான். அதை முழுங்கினா தண்ணியா நாலஞ்சு தடவை போகாது. ஆறு மாசத்துக்கு மேல என்ன நடக்குதுன்னு பாருங்க. வயித்துல இருந்தப்ப அம்மாகிட்டருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அப்பதான் குறையுது. குழந்தை தவழுது, தரையில கிடக்கறது வாய்க்குப் போகுது, வெளித் தண்ணியும் கூழும் ஆரம்பிக்கறோம். பல்லும் அதே மாசத்துல வருது. கூட நிக்குதுங்கறதுக்காகப் பழி பல்லு மேல.

யாரும் கேக்கலைன்னாலும் சொல்லிடறேன். பேதின்னா ஓஆர்எஸ். பெரிய பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில கரைங்க. பாதி பாக்கெட்டை டம்ளர்ல கண்ணளவா போட்டுக் கலக்காதீங்க, உப்பு கூடிப் போயிடும். ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் கால் டம்ளர்லருந்து அரை டம்ளர் வரைக்கும், ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு இன்னும் மெதுவா. கூடவே ஜிங்க் மாத்திரை, ஆறு மாசம் தாண்டினா தினம் 20 மில்லிகிராம், அதுக்குக் கீழே 10, மொத்தம் 14 நாள். பேதி நின்னுடுச்சுன்னு மூணாம் நாளே நிறுத்திடறாங்க, நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலை ஒரு வேளை கூட நிறுத்தாதீங்க. ஆறு மணி நேரமா டயப்பர் காஞ்சே இருக்கு, கண்ணு குழிஞ்சிருக்கு, மலத்துல ரத்தம், குழந்தை துவண்டு கிடக்குதுன்னா வீட்டு வைத்தியம் எதுவும் வேணாம், கிளம்பிடுங்க.

அக்கா தம்பி

என் சந்தேகம் வேற. பையனுக்கு ஒன்பது மாசம், மேல் பல் முதல்ல வந்துடுச்சு. மேல் பல் முதல்ல வந்தா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு சொல்லி என் தம்பி வீட்ல ஒரே வருத்தம். வாசல்ல பைக் சத்தம் கேட்டாலே இவன் ரெண்டு கையையும் நீட்டுவான். போன வாரம் தம்பி வந்தும் தூக்கல, பொண்டாட்டி முகத்தைப் பாத்துட்டு செருப்பை மாட்டிட்டுப் போயிட்டான். வரிசை மாறினா குழந்தைக்கு ஏதாவது குறையா? ஸ்கேன் எடுக்கணுமா?

குழந்தைகள் பல் டாக்டர்

அக்கா தம்பி, ஒரு குறையும் இல்லை, ஸ்கேனும் வேண்டாம். வழக்கமான வரிசை என்னன்னா, கீழ் நடுப்பல் ரெண்டும் 6 மாசத்திலிருந்து 10 மாசத்துக்குள்ள, பின்னாலேயே மேல் நடுப்பல், அப்புறம் அதை ஒட்டின பக்கப்பல். அதுக்கு அடுத்து கோரைப்பல் வரும்னு எல்லாரும் எதிர்பாக்கறாங்க. வராது. நடுவுல இடம் விட்டு, ஒன்றேகால் வயசு வாக்குல முதல் கடைவாய்ப்பல் வரும். கோரைப்பல் ஒன்றரை வயசு வாக்குலதான் அந்த இடைவெளியை அடைக்கும். கடைசிக் கடைவாய்ப்பல் ரெண்டு வயசை ஒட்டி, சில பேருக்கு இன்னும் தள்ளி. மூணு வயசுக்குள்ள 20 பல். இதுல மேலே கீழே முன்பின் ஆகறது நான் வாரா வாரம் பாக்கறதுதான். உங்க தம்பியைக் கூப்பிட்டுக் குழந்தையைக் கையில கொடுங்க. ஒன்றரை வயசு ஆகியும் ஒரு பல்கூட இல்லைன்னா மட்டும் காட்டுங்க.

மதுரை அம்மா சொன்னதுல பாதி சரி. 2000ல வெளிவந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவுல கிளீவ்லாந்தில 125 குழந்தைகளுக்குப் பெத்தவங்க தினமும் ரெண்டு வேளை சூடு பாத்து எழுதி வெச்சாங்க. பல் வெளியே வர்றதுக்கு முன்னாடி நாலு நாள், வர்ற நாள், அப்புறம் மூணு நாள், இந்த எட்டு நாள்லதான் கடிக்கறது, ஜொள்ளு, சிணுங்கல், காதைத் தேய்க்கறது, தாடையில சிவப்பு எல்லாம் கூடுச்சு. உடம்புச் சூடும் லேசா கூடுச்சு. ஆனா 102க்கு மேல காய்ச்சல், பேதி, வாந்தி, இருமல் இதெல்லாம் பல்லோட சேரவே இல்லை. நாலு மாசத்து ஜொள்ளும் பல்லால இல்லை. அந்த வயசுல உமிழ்நீர் அதிகமா சுரக்க ஆரம்பிக்குது, முழுங்கத்தான் இன்னும் பழகலை.

திருப்பூர் அம்மா, உங்க அத்தைக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்க. பல் ஜோடி ஜோடியா வந்தாக்கூட பத்து ஜோடி, ஜோடிக்கு எட்டு நாள், 80 நாள். தனித்தனியா வந்தா 160. ஆறு மாசத்திலிருந்து ரெண்டரை வயசு வரைக்கும் இருக்கறது 730 நாள். அதுக்குள்ள குழந்தைக்கு எத்தனை தடவை காய்ச்சல் வரும்? அதுல ஒண்ணு ரெண்டாவது ஏதாவது ஒரு பல் பக்கத்துலதான் விழும். பல் முளைச்சதும் நிஜம், யூரின்ல கிருமி இருந்ததும் நிஜம். ரெண்டும் ஒரே வாரம் வந்துச்சு, அவ்வளவுதான்.

கேரட் வேண்டாம். முன்பல் ரெண்டு வந்த குழந்தை அதைத் துண்டாக் கடிச்சுடும், மெல்றதுக்குக் கடைவாய்ப்பல் இருக்காது. தொண்டையில அடைச்சுக்கும். மரப்புக் கொடுக்கற ஜெல்லும் வேண்டாம். பென்சோகெய்ன் இருக்கற ஜெல்லால ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாம குழந்தை நீலம் பாஞ்சுடலாம். ரெண்டு வயசுக்குக் கீழே கொடுக்காதீங்கன்னு அமெரிக்க மருந்துத் துறை 2011லயே எச்சரிச்சது.

யாழ்ப்பாணத்து அப்பா

எங்கட வீட்டிலை பல்லுக்கொழுக்கட்டை கொட்டின நேரம் எல்லாம் சந்தோசமாத்தான் இருந்தது. தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிக் குத்தி அவிச்ச கொழுக்கட்டை, தலையிலை கொட்டேக்க மகள் சிரிச்ச சிரிப்புப் படமா இருக்கு. பிரச்சினை பதினாலாம் மாசம், கடைவாய்ப்பல்லு வரேக்க வந்தது. காய்ச்சல், வாயாலை ஒரே வீணி, ஒண்டும் குடிக்கிறாள் இல்லை. பல்லுத்தான் எண்டு மூண்டு நாள் பாத்துக்கொண்டிருந்தம். விடியக் காலமை பாத்தால் தலையணை உறையிலை வீணியோடை ரத்தக் கறை. சொண்டை விலத்திப் பாத்தன், முரசு முழுக்கச் சிவந்து வீங்கி, நாக்கிலையும் உள்சொண்டிலையும் சின்னச் சின்னப் புண்.

பல்லு வாற இடத்திலை மட்டும்தான் முரசு வீங்கும், இப்பிடி முழு வாயும் வீங்காது எண்டு டொக்டர் சொன்னவர். ஹெர்பிஸ் வைரஸாம். பெரியாக்களுக்குச் சொண்டோரத்திலை கொப்பளம் போடுமே, அதே கிருமி. ஆரோ கொஞ்சியிருக்கினம். ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது, கேக்கவும் மனம் வரேல்லை. தண்ணி குடிக்காததாலை ரெண்டு நாள் சேலைன் ஏத்தினவை.

மதுரை, மூணு பிள்ளைங்க

தோல் மடிப்பு நின்னுச்சுன்னு சிஸ்டர் எழுதுனதைப் படிச்சதும் வயித்தைக் கலக்கிருச்சு. பேதி விஷயத்துல இனி நான் வாயைத் திறக்கல. கேரட்டும் இனி சொல்ல மாட்டேன். ஆனா டாக்டர் தம்பி, எட்டு நாளுன்னு கணக்கு போடுறீங்க, என் நடுப்பிள்ளை ஒரு மாசம் முழுக்கத் தூங்கல. அந்த நோட்டுல எழுதாத அம்மாமாரும் இருக்கோம்.

குழந்தைகள் பல் டாக்டர்

அந்த ஒரு மாசத்துக்குக் காரணம் என்னன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. நீங்க தூங்காம நடந்தது பொய்னு நான் சொல்லவே மாட்டேன். அன்னைக்கு என்கிட்ட வந்திருந்தா முதல்ல காதைப் பாத்திருப்பேன்.

திருப்பூர் அம்மா

கணக்கை அப்படியே அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல, எழுந்து உள்ள போயிட்டாங்க.

நேத்து மேல் ஈறு புடைச்சிருக்கு. திரும்ப ஜொள்ளு, திரும்ப கடி. காலையில 99.2. டயப்பர் நல்லா நனைஞ்சிருந்துச்சு, பாலும் குடிச்சா, அதனால வீட்லயே பாத்துட்டு இருக்கேன். 100.4ஐத் தொட்டா யூரின் பாக்கச் சொல்லியிருக்காங்க. மத்தியானம் நான் தெர்மாமீட்டரைக் கழுவிட்டு இருந்தப்ப அத்தை வந்து "இப்ப எவ்வளவு?"ன்னு கேட்டாங்க. 99ன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, நாள்காட்டித் தாள்ல மணியோட சேத்து எழுதி வெச்சாங்க.